பாராட்டும் ஒரு நிபந்தனைதான்

ஆலோசனைப் பயிற்சியில் அண்மையில் சேர்ந்த ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருக்கிறார்: ‘எதிரே அமர்ந்திருப்பவரை நிபந்தனையின்றி மதிக்க வேண்டும் என்கிறார்கள், ஒத்திசைவோடு, அதாவது உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அவர் பேச்சு எனக்குச் சலிப்பூட்டினால் இரண்டில் எதை விட்டுவிடுவது?’

எதையும் விட வேண்டியதில்லை என்பதே சுருக்கமான விடை. ஆனால் அந்த இரண்டும் உண்மையில் எதைக் கேட்கின்றன என்பதைக் கறாராகப் பார்த்தால்தான் அந்த விடை நிற்கும். இல்லாவிட்டால் அது வெறும் சமாதானமாகிவிடும்.

நபர்மைய ஆலோசனையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில், ஒருவரிடம் ஆக்கபூர்வமான மாற்றம் நிகழ ஆறு நிபந்தனைகள் தேவை என்றும், அவை இருந்தால் போதும் என்றும் வாதிட்டார். இருவருக்கும் இடையே உளத்தொடர்பு இருக்க வேண்டும். நாடி வந்தவர் தனக்குள் இசைவின்றித் தவிப்பவராக இருக்க வேண்டும். ஆலோசகர் அந்த உறவில் ஒத்திசைவோடு இருக்க வேண்டும். வந்தவர்மீது அவருக்கு நிபந்தனையற்ற நேர்மறை மதிப்பும், அவருடைய உலகை அவர் நின்று பார்க்கும் இடத்திலிருந்து காணும் ஒத்துணர்வும் இருக்க வேண்டும். கடைசியாக, இந்த மதிப்பும் ஒத்துணர்வும் வந்தவருக்குக் கொஞ்சமாவது எட்ட வேண்டும். பயிற்சி மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இந்தக் கடைசி நிபந்தனையைத்தான். ஆலோசகரின் உள்ளத்தில் எவ்வளவு மதிப்பு இருந்தாலும் அது மறுபக்கம் போய்ச் சேரவில்லை என்றால் எந்த வேலையும் நடக்காது.

மதிப்பு ஏன் நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும்? இந்தக் கருத்துக்கு, ரோஜர்ஸ் பணியாற்றிய சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஸ்டாண்டல் என்ற மாணவர் 1954இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு அடித்தளமிட்டது. அதை விரிவாக்கி ரோஜர்ஸ் சொன்னது இது: குழந்தைக்குத் தன்னை வளர்ப்பவர்களின் அன்பு தேவை, அந்த அன்பு சில நடத்தைகளுக்குக் கிடைத்துச் சிலவற்றுக்கு மறுக்கப்படும்போது, ‘கோபப்படாத நான் நல்லவன், கோபப்படும் நான் நல்லவனல்ல’ என்ற கணக்கைக் குழந்தை தனக்குள் எழுதிக்கொள்கிறது. இவற்றை அவர் மதிப்பு நிபந்தனைகள் என்றார். வளர்ந்த பிறகு, அந்தக் கணக்குக்குப் பொருந்தாத உணர்ச்சி எழுந்தால், அது முழுமையாக மனத்துக்குத் தெரிவதற்கு முன்பே திரிக்கப்படுகிறது அல்லது மறுக்கப்படுகிறது. ஆள் உள்ளே ஒன்றை அனுபவிக்கிறார். தன்னைப் பற்றி வேறொன்றை நம்புகிறார். அந்த இடைவெளிதான் பதற்றமாகவும் சோர்வாகவும் வெளியே தெரிகிறது.

இங்கிருந்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரோஜர்ஸின் மாணவரான காட்ஃப்ரி பாரெட்-லென்னார்ட் 1962இல் ஓர் உறவு மதிப்பீட்டுப் படிவத்தை வெளியிட்டார். ஆலோசகரைப் பற்றிய கூற்றுகள் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வந்தவர் கூட்டல் மூன்று முதல் கழித்தல் மூன்று வரை மதிப்பெண் இடுவார். நடுவில் பூஜ்யம் கிடையாது, ஆகவே ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். இந்தப் படிவம், நிபந்தனையற்ற நேர்மறை மதிப்பை ஒரே அளவாக வைக்காமல் இரண்டாகப் பிரித்தது. ஒன்று மதிப்பின் அளவு: இவர் என்னை எவ்வளவு விரும்புகிறார், எவ்வளவு பொருட்படுத்துகிறார் என்பது. மற்றொன்று நிபந்தனையின்மை: நான் எதைச் சொல்கிறேன், எப்படி நடந்துகொள்கிறேன் என்பதற்கேற்ப அந்த மதிப்பு ஏறி இறங்குகிறதா என்பது.

இந்தப் பிரிப்பு ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்க்கிறது. நிபந்தனையின்மை என்பது மதிப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற கேள்வியே அல்ல. அது அசையாமல் இருக்கிறதா என்ற கேள்வி. வந்தவரிடம் பொங்கி வழியும் பாசம் காட்டும் ஆலோசகர், அந்தப் பாசத்தை அவர் தைரியமாகப் பேசும்போது மட்டும் காட்டினால், முதல் அளவில் அதிக மதிப்பெண்ணும் இரண்டாவதில் குறைந்த மதிப்பெண்ணும் பெறுவார். ஏற்றம் இருந்தால் இறக்கமும் இருக்கத்தான் செய்யும். எது பாராட்டப்பட்டது என்பதைப் பார்த்தே, எது பாராட்டப்படவில்லை என்பதை வந்தவர் தெரிந்துகொள்வார். கண்டிப்பு எப்படி ஒரு மதிப்பு நிபந்தனையோ, அப்படியே பாராட்டும் ஒரு மதிப்பு நிபந்தனைதான். இனிப்பாக இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நாற்பது வயதுப் பெண் ஒருவர், படுத்த படுக்கையாக இருக்கும் தாயை இரண்டு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்; தூக்கமில்லை என்று ஆலோசனைக்கு வருகிறார். மூன்றாவது அமர்வில், மருந்து நேரங்களையும் துணி மாற்றும் முறையையும் ஏற்ற இறக்கமில்லாத குரலில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பயிற்சி ஆலோசகருக்குச் சலிப்பு தட்டுகிறது. சலிப்பதற்காகத் தன்மீதே குற்ற உணர்வும் வருகிறது. அப்போது அந்தப் பெண் சிறு சிரிப்போடு, “சில நாள் ராத்திரி அம்மா கூப்பிட்டால் காது கேட்காததுபோலப் படுத்திருப்பேன்” என்கிறார். ஆலோசகர் உடனே, “உங்களைப் போல ஒரு மகள் கிடைக்க அம்மா கொடுத்து வைத்திருக்க வேண்டும்” என்கிறார்.

அந்தப் பெண் புன்னகைக்கிறார். பேச்சு மருந்துகளுக்குத் திரும்புகிறது. அடுத்த அமர்வில் இன்னும் அதிகமான கடமைக் கதைகள் வருகின்றன. காது கேட்காததுபோலப் படுத்திருக்கும் மகள் மட்டும் திரும்பி வரவேயில்லை. இந்த அறையிலும் நல்ல மகளுக்கு மட்டுமே இடம் உண்டு என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் புரிந்துகொண்டுவிட்டார். ஆலோசகரோ, தான் மதிப்பை வெளிப்படுத்தியதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பாராட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் ஒத்திசைவு என்பது விளங்கும். ஒருவருக்குள் நிகழும் அனுபவம், அது அவருக்கே தெரியவருதல், அது வெளியே சொல்லப்படுதல் என்று மூன்று நிலைகள் உண்டு. அவற்றுக்கு இடையே இரண்டு இணைப்புகள் உண்டு. ஒத்திசைவு என்றதும் புதியவர்கள் இரண்டாவது இணைப்பை மட்டுமே நினைக்கிறார்கள், அதாவது தோன்றியதைச் சொல்லிவிடுவது. ரோஜர்ஸ் முதலில் வலியுறுத்தியது முதல் இணைப்பைத்தான்: ஆலோசகருக்குள் நிகழ்வது ஆலோசகருக்கே மறைக்கப்படாமல் இருக்க வேண்டும். வந்தவரைக் கண்டு அஞ்சுவதோ, சொந்தக் கவலைகளால் அவர் பேச்சைக் கேட்கவே முடியாமல் இருப்பதோகூட, ஆலோசகர் அதை மறுக்காமல் அறிந்திருந்தால் அந்த நிபந்தனை நிறைவேறுகிறது என்று 1957 கட்டுரையிலேயே அவர் எழுதியிருக்கிறார். வாழ்க்கை முழுவதும் அப்படி இருக்க வேண்டும் என்றும் அவர் கேட்கவில்லை. அந்த உறவில், அந்த மணி நேரத்தில் இருந்தால் போதும் என்றார்.

நம் பயிற்சி ஆலோசகருக்கு அறுந்தது இந்த முதல் இணைப்பு. சலிப்பு ஏற்பட்டது, குற்ற உணர்வு அதை மூடியது, குற்ற உணர்வை ஈடுகட்டப் பாராட்டு வந்தது. ஒத்திசைவு விட்டுப்போன இடத்தில்தான் நிபந்தனையும் உள்ளே நுழைந்தது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று வாசகர் நினைத்தார், நடப்பதோ நேர்மாறு. தன் சலிப்பை ஏற்க முடியாதவரால், எதிரே இருப்பவரின் சலிப்பையும் வெறுப்பையும் ஏற்க முடிவதில்லை. பெல்ஜிய அறிஞர் ஜெர்மெய்ன் லீட்டர், இவ்விரண்டையும் திறந்த தன்மை என்ற ஒரே அடிப்படையின் இரு பக்கங்களாகப் பார்த்தார்: ஒன்று தன்னை நோக்கியது, மற்றொன்று பிறரை நோக்கியது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

அப்படியானால் சலிப்பைச் சொல்லலாமா? ஒருமுறை எழுந்து மறைந்த உணர்வைச் சொல்ல வேண்டியதில்லை. அது விடாமல் தொடர்ந்தாலோ, கேட்பதற்கே தடையாகிவிட்டாலோ, முதலில் மேற்பார்வையாளரிடமும், தேவைப்பட்டால் வந்தவரிடமும் பேச வேண்டும். பேசும்போது அது தீர்ப்பாக இல்லாமல் தன் அனுபவமாக இருக்க வேண்டும். “நீங்கள் சலிப்பூட்டுகிறீர்கள்” என்பது ஒத்திசைவே அல்ல. அது வந்தவரைப் பற்றிய தீர்ப்பு, அவ்வளவுதான்.

மேற்பார்வையில் ஒலிப்பதிவைக் கேட்ட பிறகு, ஐந்தாவது அமர்வில் நம் ஆலோசகர் இப்படிச் சொல்கிறார்: “நீங்கள் வேலைகளைச் சொல்லச் சொல்ல, என்னால் உங்கள் அருகில் வரவே முடியாததுபோல எனக்கு இருக்கிறது. அன்று காது கேட்காததுபோலப் படுத்திருப்பேன் என்றீர்கள். நான் அதைத் தாண்டிப் போய் உங்களைப் பாராட்டிவிட்டேன்.” நீண்ட மௌனத்துக்குப் பிறகு அந்தப் பெண், “அம்மா போய்ச் சேர்ந்தால் தேவலை என்றுகூட நினைத்திருக்கிறேன்” என்கிறார்.

இந்த இடத்தில் “எல்லோருக்கும் அப்படித் தோன்றும், பரவாயில்லை” என்று விரைந்து ஆறுதல் சொல்வதும் பாராட்டைப் போன்றதே. அந்த நினைப்பை அறையிலிருந்து சீக்கிரம் வெளியேற்றும் வழி அது. ஆலோசகர் அதே குரலில், “இது முடிந்தால் போதும் என்ற அளவுக்கு ஆகிவிட்டது” என்று மட்டும் சொல்கிறார். குரல் தணியவும் இல்லை, உயரவும் இல்லை. நல்ல மகளுக்குக் கிடைத்த அதே கவனம் இவருக்கும் கிடைக்கிறது. அந்தப் பெண் அடுத்துச் சொல்வது கோபமாக இருக்கலாம், பாசமாக இருக்கலாம், இரண்டும் கலந்ததாகவும் இருக்கலாம். அதை ஆலோசகர் தேர்ந்தெடுப்பதில்லை.

இது முழுமையாகக் கைகூடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சார்ல்ஸ் ட்ருவாக்ஸ் 1966இல், ரோஜர்ஸ் நடத்திய நீண்ட ஆலோசனை ஒன்றின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, வந்தவரின் சில வகைப் பேச்சுகளுக்கு ரோஜர்ஸின் அரவணைப்பும் ஒத்துணர்வும் கூடுதலாகக் கிடைத்தன என்று காட்டினார். தன் கொள்கையைத் தந்தவரே அறியாமல் ஏறி இறங்கினார். ரோஜர்ஸும் 1957 கட்டுரையின் அடிக்குறிப்பில், ‘நிபந்தனையற்ற’ என்ற சொல் முழுவதும் உண்டு அல்லது முழுவதும் இல்லை என்ற தோற்றத்தைத் தந்துவிடுகிறது என்றும், நடைமுறையில் அது கூடுதல் குறைவாக வந்து போவது என்றும் ஒப்புக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவை வரி வரியாகக் கேட்கும் இத்தகைய பொறுமையான ஆய்வுகளுக்கு நிதி கிடைப்பது அரிது. கையேடாக அச்சிடத்தக்க உத்திகளுக்குத்தான் கிடைக்கிறது என்பது என் நெடுநாள் மனக்குறை.

இன்னொரு எல்லையும் உண்டு. மதிப்பு என்பது செயலுக்கான அனுமதி அல்ல. அந்தப் பெண் நினைப்பைச் சொல்லாமல், தாயின் மருந்தை நிறுத்தப் போவதாகச் சொல்லியிருந்தால், ஆலோசகர் தன் கவலையையும், முதல் அமர்விலேயே விளக்கியிருக்க வேண்டிய ரகசியக் காப்பின் வரம்பையும் வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். அப்போதும் அவரை மதிப்பது நிற்காது. அந்தச் செயலுக்கு மட்டும் துணை நிற்பதில்லை.

உங்கள் மதிப்பு ஏறி இறங்குகிறதா என்பதைச் சோதிக்க, வந்தவரின் ஒப்புதலோடு எடுத்த ஒலிப்பதிவை மேற்பார்வையாளருடன் அமர்ந்து கேளுங்கள். ‘ம்’ என்ற ஒலியை மட்டும் கவனியுங்கள். எந்தப் பேச்சுக்கு அது விரைந்தும் இதமாகவும் வருகிறது, எந்தப் பேச்சுக்குத் தாமதிக்கிறது என்று குறித்துக்கொண்டு, தாமதித்த இடங்களில் உங்களுக்குள் என்ன நிகழ்ந்தது என்பதிலிருந்து மேற்பார்வை உரையாடலைத் தொடங்குங்கள்.