டியூப் மடங்கினால் முகம் ஏன் வியர்க்கிறது?

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பனைமரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்த தம்பிக்கு மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆனால் யூரின் டியூப் மடங்கிக்கொண்டால் மண்டையைப் பிளக்கும் வலி, முகமெல்லாம் சிவந்து வியர்வை. காலோ சில்லென்று கிடக்கிறது. உணர்ச்சி இல்லாதவருக்கு இதெல்லாம் எப்படி?

சிறுநீர்ப்பை நிரம்பிய சேதி மூளைக்குப் போகவில்லை. ஆனால் அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் உயிரோடுதான் இருக்கிறது. சேதி கிடைத்ததும் அது வயிறு, குடல், கால்களின் ரத்தக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. ‘போதும், விடு’ என்று மூளை சொல்லும் பாதைதான் அறுந்துபோயிற்றே! பி.பி. கிடுகிடுவென ஏறும். மார்பின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இது வருவதற்குக் காரணம், குடலின் பெரிய ரத்தக் குழாய்களை ஆளும் நரம்புகள் அதற்குக் கீழே மாட்டிக்கொள்வதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல் வருகிறது. கழுத்துத் தமனியில் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் உண்டு. அவற்றின் சேதி தண்டுவடம் வழியாகப் போவதில்லை, நேரே மூளைக்குப் போகிறது. ஆகவே ஏறிய பி.பி. மட்டும் மூளைக்குத் தெரிந்துவிடும். அதன் கட்டளை வேகஸ் நரம்பு வழியே இறங்கி இதயத்தை மெதுவாக்கும். அந்த நரம்பும் தண்டுவடத்தைத் தொடுவதில்லை. அடிபட்ட இடத்துக்கு மேலே குழாய்கள் விரிகின்றன. அதனால்தான் முகச் சிவப்பு, மூக்கடைப்பு, தலைவலி. கீழே கட்டளை எட்டாததால் தோல் வெளுத்துக் குளிர்ந்தே கிடக்கும்.

வேலூர் வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது என்று இதை விட்டுவிடக் கூடாது. கழுத்தில் அடிபட்டவரின் வழக்கமான மேல் பி.பி. 90 முதல் 110 வரைதான் இருக்கும். அவருக்கு 140 என்பதே ஆபத்து. அந்த வழக்கமான எண்ணை வீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

தலைவலி என்றதும் படுக்க வைப்பதுதான் பெரிய தவறு. நேரே உட்கார வைத்துக் காலைத் தொங்கவிட்டால் ரத்தம் காலில் தேங்கிப் பி.பி. கொஞ்சம் இறங்கும். காத்து கருப்பு என்று எலுமிச்சம்பழம் சுற்றுகிறவர்கள் உட்கார வைத்தே சுற்றட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்புறம் லுங்கி முடிச்சைத் தளர்த்தி, டியூபைத் தொடையடியிலிருந்து பை வரை தடவிப் பார்க்க வேண்டும். மடிப்பு இல்லாமலும் சிறுநீர் வரவில்லையென்றால் உள்ளே அடைப்பு. பயிற்சி பெற்றவர்கள் 10 மில்லி அளவு சலைன் விட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் வழிவிடாவிட்டால் டியூபை மாற்றியாக வேண்டும். டியூப் இல்லாமல் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வடித்தெடுப்பவர்களுக்கு ஒரு வேளை தவறினாலே இதே கதைதான்.

சிறுநீர்ப்பை காலியான பிறகும் பி.பி. இறங்கவில்லையா? அடுத்த சந்தேகம் மலக்குடல். இறுகிய மலத்தை அவசரப்பட்டு விரலால் எடுத்தால் அந்தத் தூண்டுதலே பி.பி.யை இன்னும் ஏற்றிவிடும். மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் ஜெல்லி தடவிச் சில நிமிடம் பொறுத்த பிறகே மெதுவாக எடுக்க வேண்டும். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் முதுகின் அடிப்பகுதி, குதிகால், கால் நகம் என்று தோலைத் தேடிப் பார்க்க வேண்டும். ஆரம்பநிலைப் படுக்கைப்புண்ணோ சதைக்குள் வளர்ந்த நகமோ போதும், இதைக் கிளப்பிவிட. காரணம் கிடைக்காமல் மேல் பி.பி. 150-ஐத் தாண்டினால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். உட்கார்ந்த நிலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ‘தண்டுவட அடி, வழக்கமான பி.பி. இவ்வளவு’ என்று முதலில் சொல்லுங்கள்.