தக்காளிக்காரரை எப்படி ஏமாற்றம் அடைய வைக்கலாம்?

தர்மபுரி மாவட்டத்தில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. பாலக்கோடு பக்கத்திலிருந்து மூன்று இளைஞர்கள் வந்திருந்தார்கள். தக்காளி விவசாயிகளுக்கு ஒரு செயலி செய்ய வேண்டும், அதில் அன்றாடச் சந்தை விலை தெரிய வேண்டும் என்றார்கள். இதே யோசனையோடு அதற்கு முன்பும் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். "விவசாயிக்கு என்ன செய்தால் நன்றாக இருக்கும்?" என்று கேட்டால் எல்லோர் மனதிலும் முதலில் வருவது விலைதான்.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். "தோட்டத்தில் காய் பறிப்பதிலிருந்து பணம் கைக்கு வரும் வரை, விவசாயிக்கு எவ்வளவு மோசமான சேவை கொடுக்க முடியும்? காய் ஏற்றும் வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்." இதை ரிவர்ஸ் பிரெய்ன்ஸ்டார்மிங் என்பார்கள். நான் 'கெடுக்கும் பட்டியல்' என்று சொல்லிப் பழகிவிட்டேன். பலர் கூடி உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் பிரெய்ன்ஸ்டார்மிங்கைப் பரப்பிய அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் வைத்த விதி இதற்கும் பொருந்தும்: பட்டியல் போடும்போது யாரும் யாரையும் மறுக்கக் கூடாது.

அந்த மூவரோடு இரண்டு விவசாயிகளையும், தினமும் சந்தைக்குக் காய் ஏற்றும் ஒரு ஓட்டுநரையும் உட்கார வைத்தேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அடிபடுகிறவர் அறையில் இல்லாவிட்டால் பட்டியல் முழுக்கக் கற்பனையாகிவிடும்.

முதல் பத்து நிமிடம் வந்தவை எதற்கும் உதவாது. விவசாயியைத் திட்டுவது, காயைச் சாலையில் கொட்டுவது என்று எழுதினார்கள். அப்படி யாரும் செய்வதில்லை, அதனால் அதைத் திருப்பினாலும் ஒன்றும் கிடைக்காது. நல்ல கெட்ட யோசனை என்பது, நியாயமான ஒரு மனிதர் நியாயமான காரணத்தோடு செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944இல், அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். எதிரி நாட்டு அலுவலகங்களைச் சத்தமில்லாமல் முடக்க ஒரு சிறு கையேடு போட்டது. எல்லா வேலையையும் முறைப்படியான வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்து, முடிந்தவரை எதையும் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். நம் பட்டியலிலும் தேட வேண்டியது அந்த மாதிரி வரிகளைத்தான்.

இதை விளக்கிய பிறகு பட்டியலின் தன்மை மாறியது. "விற்ற சீட்டை ரெண்டு நாள் கழிச்சுக் குடுக்கலாம்." "கழிவுன்னு பிடிச்சதுக்குக் காரணம் எழுதாம விடலாம்." "வண்டி வர்ற நேரத்தைச் சொல்லாம இருக்கலாம்." காய் அடுக்கும் பெட்டியான கிரேட்டைப் பற்றி ஓட்டுநர் ஒன்று சொன்னார்: "காலி கிரேட்டை எனக்கு வசதியான வரிசையில இறக்கிட்டுப் போகலாம்." முக்கால் மணி நேரத்தில் 31 வரிகள் சேர்ந்தன.

பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் நேர் எதிரான வரியை எழுதி, அதையே தொழில் யோசனை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'வண்டி தாமதமாக வர வேண்டும்' என்பதைத் திருப்பினால் 'வண்டி நேரத்துக்கு வர வேண்டும்' என்று வரும். அது வெறும் ஆசை, அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. திருப்புவதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: இவற்றில் எது இன்றைக்கே நடந்துகொண்டிருக்கிறது?

சிவப்புப் பேனாவை விவசாயிகள் கையில் கொடுத்தேன். ஒன்பது வரிகளை வட்டமிட்டார்கள். இரண்டு பேரும் தனித்தனியாக, யோசிக்காமல், முதலில் வட்டமிட்டது கிரேட் வரியை.

"கிரேட் வராத நாள்ல என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஆளுங்க வரப்புல உக்காந்திருப்பாங்க சார். காலைல ஏழு மணிக்கே வந்துடுவாங்க, கிரேட் பதினோரு மணிக்கு வரும். கூலி முழுசாக் குடுத்துத்தான ஆகணும். வெயில் ஏறினப்புறம் பாதிதான் பறிப்போம், மீதி செடியிலேயே பழுத்துடும்."

செயலியோடு வந்த மூவருக்கும் அவரவர் வீட்டில் தக்காளித் தோட்டம் இருக்கிறது. ஆனாலும் வந்த நாளிலிருந்து ஒருவரும் கிரேட் என்ற சொல்லையே எடுக்கவில்லை. தினமும் பார்க்கிற தொல்லை பழகிப்போய், தொல்லை என்றே தோன்றாமல் ஆகிவிடுகிறது. கெடுக்கச் சொல்லும்போதுதான் அதை வெளியே எடுத்து வைக்கிறோம்.

அடுத்து, அது ஏன் இன்னும் நடக்கிறது என்று பார்த்தோம். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். ஓட்டுநர் கெட்டவர் இல்லை. விடிகாலை ஏலம் முடிந்து காலி கிரேட்டோடு திரும்பும்போது, அன்றைக்கு யார் பறிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் சாலையோரத் தோட்டங்களில் முதலில் இறக்குகிறார், உள்ளே இருப்பவருக்குக் கடைசியில் கிடைக்கிறது. தாமதத்தால் வரும் நஷ்டம் விவசாயியுடையது, ஓட்டுநருக்கு அதில் ஒரு ரூபாய் கூடக் குறைவதில்லை. தொல்லை ஒருவருக்கும் அதைச் சரிசெய்யும் வசதி இன்னொருவருக்கும் என்று பிரிந்து கிடக்கும் இடத்தில்தான் தொழிலுக்கு வழி இருக்கிறது.

இப்படி வந்த யோசனைக்குச் செயலியே தேவைப்படவில்லை. ஊருக்குள் ஒரு கொட்டகையில் காலி கிரேட் இருப்பு வைப்பது, முந்தின நாள் மாலை விவசாயி போன் செய்து எத்தனை வேண்டும் என்று சொன்னால் இரவுக்குள் தோட்டத்தில் இறக்கிவிடுவது, அவ்வளவுதான்.

சரி, இதில் பணம் எங்கே? தலைகீழாக யோசிப்பது தொல்லையைக் காட்டும். அதற்கு யாராவது காசு கொடுப்பார்களா என்பதைக் காட்டாது. அதைத் தனியாகத்தான் கணக்குப் போட வேண்டும். அவர்கள் 240 கிரேட்டோடு தொடங்கத் திட்டமிட்டார்கள். மாலையில் இறக்கிய கிரேட், மறுநாள் காயோடு ஏறி, அதற்கடுத்த விடிகாலை ஏலம் முடிந்து மாலையில் கொட்டகைக்குத் திரும்புகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு நாள். அதாவது நாளுக்கு 120 கிரேட் வெளியே போகும். ஒரு கிரேட்டுக்கு நடைக்கு 2 ரூபாய் வாடகை என்றால் நாளுக்கு 240 ரூபாய். ஒரு ஆள் கூலிக்குக் கூடப் போதாது.

அன்றைக்கு அவர்கள் முகம் வாடிப்போனது. நான் பட்டியலை மறுபடி எடுத்து, வட்டமிட்ட மற்ற வரிகளைப் படிக்கச் சொன்னேன். வண்டி நேரம், சீட்டு, கிரேட் மூன்றும் ஒரே ஆளின் கையில், காய் ஏற்றும் வண்டிக்காரரிடம்தான், இருந்தன. ஆகவே கிரேட்டை வாடகைக்கு விடாமல், கிரேட்டுக்கு உத்தரவாதம் கொடுக்கிற வண்டிச் சேவையாக மாற்றினார்கள். ஒரு கிரேட்டுக்கு 15 ரூபாய் ஏற்றுக்கூலி, காலி கிரேட் முந்தின இரவே வராவிட்டால் அன்றைய ஏற்றுக்கூலி இலவசம். 120 கிரேட்டுக்கு 1,800 ரூபாய். ஓட்டுநரோடு ஒரு ஈச்சர் வண்டியை நடைக்கு 1,200 ரூபாய்க்குப் பேசிக்கொண்டார்கள். மீதி 600 ரூபாயில் கொட்டகை வாடகையும் காணாமல் போகிற கிரேட்டுகளின் செலவும் போக மிச்சம் குறைவுதான். ஆனால் விவசாயிகள் தாங்களாகவே பக்கத்துத் தோட்டக்காரரை அழைத்து வந்தார்கள்.

அப்புறம், எல்லா யோசனைக்கும் இந்த முறை பொருந்தாது. ஏற்கெனவே ஒரு சேவை, மோசமாகவாவது, நடந்துகொண்டிருந்தால்தான் கெடுப்பதற்கு ஏதாவது இருக்கும். இந்தப் பகுதியில் இதுவரை யாரும் செய்யாத ஒன்றைப் பற்றி இப்படிக் கேட்டபோது வந்த பட்டியல்களில், வட்டமிட ஒரு வரி கூட இருந்ததில்லை.

இந்த மூவருக்கும் இன்னொரு சிக்கல் பிறகு வந்தது. தக்காளி விலை தரைக்கு இறங்கிய வாரத்தில், பறிக்கிற கூலி கூடக் கிடைக்காது என்று தோட்டக்காரர்கள் காயைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். 240 கிரேட்டும் கொட்டகையில் அடுக்கியபடி கிடந்தன. எங்கள் 31 வரிகளில் விலைச் சரிவு என்ற சொல்லே இல்லை, ஏனென்றால் நல்ல விலை இருந்த மாதத்தில் உட்கார்ந்து எழுதிய பட்டியல் அது. இந்த மாதம் அதே ஆறு பேரையும் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். கேள்வி இது: காய் பறிக்காத வாரத்தில் இந்த வண்டியையும் கிரேட்டையும் எப்படி முழுசாக வீணாக்கலாம்?