முனிவரிடம் ‘இன்னொரு டேக்’ கேட்காதீர்கள்

வந்தவாசிப் பக்கத்துச் சமண ஊர்களில் விழாக்களையும் துறவிகளின் பேட்டிகளையும் வீடியோ எடுப்பது என் தொழில். போன கோடையில் பொன்னூர் மலைக்கு வந்திருந்த, ஆடையே அணியாத ஒரு திகம்பர முனிவரைப் பற்றி மூன்று நிமிட வீடியோ எடுக்க வெளியூர்க் குழு ஒன்று வந்தது. அவர் ஆகாரம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கிட்டத்தில் எடுக்கிறேன் என்று குனிந்த பையனின் தலைமுடி ஒன்று, உணவை ஏந்தியிருந்த முனிவரின் கைக்குள் விழுந்தது. அவர் கைகளைப் பிரித்துவிட்டார். நாலைந்து கவளம்தான் உள்ளே போயிருக்கும். “சாமி, இன்னொரு டேக் போயிடலாமா?” என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

உணவில் முடியோ செத்த பூச்சியோ தென்பட்டால் அது அந்தராயம், அதாவது தடை. அன்றைய உணவு அத்தோடு சரி. மறுநாள் ஆகார வேளை வரை தண்ணீர்கூடக் கிடையாது. அதுவும் மே மாதத்தில்.

இந்த மாதிரி நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். துறவு வாழ்க்கையைக் குறும்பேட்டியில் விளக்க வருகிறவர்கள் விரதம் ஒரு பக்கம், தினசரி நடப்பு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். “ஐந்து மகாவிரதங்கள் என்ன?” என்று கேட்டுப் பதிலைப் பதிவு செய்கிறார்கள். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், பற்றின்மை என்று முனிவரும் சொல்லிவிடுவார். பத்து நொடியில் முடிந்துவிடும், பார்ப்பவருக்கு ஒன்றும் ஒட்டாது. அந்த ஐந்தும் ஒருவருடைய நாளை எப்படி இழுத்துப் பிடிக்கின்றன என்பது ஆகாரத்தில்தான் தெரியும்.

காலை பத்து மணியை ஒட்டி முனிவர் கிளம்புவார். வலது கையைத் தோள்மேல் மடக்கி வைத்திருந்தால் உணவுக்குப் புறப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம். உணவு தயார் செய்த வீட்டார் வாசலில் நின்று “நமோஸ்து, நமோஸ்து, அத்ர, திஷ்ட” என்று அழைப்பார்கள். அவர் மனதில் ஒரு நிபந்தனை வைத்திருக்கக்கூடும். தேங்காயோடு நிற்கும் தம்பதியைக் கண்டால்தான் நிற்பேன் என்பது போல. யாரிடமும் சொல்லமாட்டார். எந்த வாசலிலும் அது அமையாவிட்டால் திரும்பிப் போய்விடுவார், அன்று உபவாசம். அமைந்தால் வீட்டார் மும்முறை வலம் வந்து உள்ளே அழைத்துச் சென்று, பாதம் கழுவி, மனமும் சொல்லும் உடலும் உணவும் சுத்தம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு அவர் எழுந்து நின்று இரு கைகளையும் சேர்த்துப் பிடிப்பார். அந்தக் கைகள்தான் பாத்திரம். வாய் திறந்து எதையும் கேட்கமாட்டார். கொடுப்பதில் வேண்டியதை வாங்குவார், வேண்டாததைச் சைகையில் தள்ளுவார். சேர்ந்த கைகள் பிரிந்தால் உணவு முடிந்தது.

இதில் எல்லாமே இருக்கிறது. பாத்திரம்கூடச் சொந்தமில்லை, கொடுக்காததை எடுப்பதில்லை, நாக்குக்காகக் கேட்பதில்லை, தண்ணீர்கூடத் துணியில் வடிகட்டிக் காய்ச்சியது. கேமராவை ஓரமாக ஸ்டாண்டில் நிறுத்தி, நீள லென்ஸில் இதை முழுசாக எடுத்தால் பேட்டியில் பாதி கேள்விகள் தேவைப்படாது. வெட்டி ஒட்டினாலும் வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்து, எனக்கு எரிச்சல் தாங்காத கேள்வி: “நீங்க குளிக்கவே மாட்டீங்களாமே?” எல்லா வீடியோவிலும் இது இருக்கிறது, அதையே தலைப்பாகவும் போடுகிறார்கள். குளிக்காமை என்பது முனிவரின் அடிப்படை ஒழுக்கங்களான 28 மூலகுணங்களில் ஒன்று. அழுக்காக இருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. சமணப் பார்வையில் தண்ணீருக்கே உயிர் உண்டு. குடம் குடமாகத் தலையில் ஊற்றினால் அந்த உயிர்களும் போகும், ஓடும் நீரில் சிற்றுயிர்களும் போகும். இன்னொன்று, உடம்பை அலங்கரித்துப் பேணுவதை விட்டவருக்குக் குளியல் அந்தப் பேணலின் தொடக்கம். அப்படியானால் சுத்தம்? கையில் இருக்கும் கமண்டலம் எதற்கு என்று நினைத்தீர்கள்? மலசலம் கழித்த பின் கழுவவும் கைகால் சுத்தம் செய்யவும்தான் அதில் காய்ச்சிய நீர் இருக்கிறது, குடிப்பதற்கு அல்ல. கமண்டலம் சுத்தத்துக்கு, மயிற்பீலி உட்காரும் இடத்து எறும்பை நோகாமல் விலக்குவதற்கு. கேமராவின் சட்டத்துக்குள் இரண்டும் தெரியும்படி வையுங்கள். ‘அழகுப் பொருள்’ என்று ஓரமாக நகர்த்தி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முடி பறிப்பதும் இதே கதைதான். இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் ஒரு முறை கையாலேயே தலைமுடி, தாடியைப் பறித்துவிடுவார்கள், அன்று உபவாசம். சோகப் பின்னணி இசையோடு அதை ‘சித்திரவதை’ என்று போடுவார்கள். கத்தி வைத்திருந்தால் அது ஒரு உடைமை, நாவிதரிடம் போனால் கொடுக்கக் காசு வேண்டும், வளரவிட்டால் பேன் சேரும், சேர்ந்தால் கொல்ல வேண்டிவரும். மூன்று வழியும் அடைபட்டவருக்கு மிச்சமிருப்பது கைதான். கேள்வியை இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுப்பாருங்கள், நல்ல பதில் கிடைக்கும்.

ஒரே ராத்திரியில் இப்படி ஆனார் என்றும் எழுதாதீர்கள். பொதுவாக முதலில் பிரமசாரியாக, துறவிகளின் குழுவான சங்கத்தோடு இருப்பார்கள். பலர் இரண்டு துணியோடு க்ஷுல்லகராகவும், பிறகு கோவணம் மட்டும் தரித்த ஐலகராகவும் இருந்துவிட்டுத்தான் முனி தீட்சை பெறுகிறார்கள். பெண் துறவியர் ஆர்யிகைகள், ஒற்றை வெள்ளைச் சேலை உடுத்தியவர்கள்.

பேட்டிக்கு நேரம் கேட்டால் பிற்பகல் கேளுங்கள். விடியுமுன் செய்த தவறுகளுக்கு வருந்தும் பிரதிக்கிரமணம், சாமாயிகம் என்கிற தியானம், அப்புறம் படிப்பு, பிரவசனம், ஆகாரம். நடுப்பகலில் மறுபடி சாமாயிகம். அது முடிந்து மாலைப் பிரதிக்கிரமணம் தொடங்கும் வரை பொதுவாகப் பேசக் கிடைப்பார். இருட்டிய பின் பெரும்பாலும் மௌனம், நடமாட்டமும் இல்லை. ‘இரவு விளக்கொளியில் ஒரு ஷாட்’ என்ற ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், விளக்குக்குப் பூச்சி வரும்.

காலர் மைக்கும் வேண்டாம். மாட்டுவதற்குத் துணி ஏது? (இதை யோசிக்காமல் வந்து கையில் கிளிப்போடு விழித்தவர்கள் உண்டு.) அவர் உட்காரும் பலகைக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டாண்டில் மைக்கை வையுங்கள், அல்லது தலைக்கு மேலே பூம் மைக் பிடியுங்கள். தோல் பெல்ட், தோல் பர்ஸ், தோல் கேமரா வார் எல்லாம் வெளியே. குழுவில் பெண்கள் இருந்தால் முனிவரைத் தொடாமல் தள்ளி நிற்கட்டும். ஆர்யிகையிடம் ஆண்களும் அப்படியே. ஆகாரம் நடக்கும் அறைக்குள் போகவே கூடாது. வாசலிலிருந்து எடுக்க வீட்டார் அனுமதித்தால் எடுங்கள், அதுவும் தலையில் துணி கட்டிக்கொண்டு.

எடிட்டிங்கில் இடுப்புக்குக் கீழே மங்கலாக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மறைத்த இடத்தைத்தான் கண் தேடும், ஒரு விரதம் ஆபாசம் போல ஆகிவிடும். எடுக்கும்போதே மார்பளவு சட்டத்தில் எடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. நிர்வாணத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவரிடமே நேராகக் கேளுங்கள், கூச்சப்படுவது நீங்கள்தான், அவர் இல்லை.

வெளியிடுமுன் சங்கத்தோடு வரும் பிரமசாரிகளில் ஒருவரிடம் ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். ‘உபவாசம்’ என்று அவர் சொன்னதை ‘டயட்’ என்று எழுத்தில் ஓட்டிய வீடியோவை நானே திருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது.