‘வேண்டாம்’ என்று சொல்ல ஏன் நேரமாகிறது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆப் மூலம் பழக்கமான ஒருவரை முதல் முறையாக நேரில் பார்க்கப் போகிறேன். பார்த்ததும் கட்டிப்பிடிப்பாரோ, நெருக்கி உட்காருவாரோ என்று யோசனையாக இருக்கிறது. முன்னாடியே எப்படிப் பேசுவது?”

இந்தக் கேள்விக்கு உரையாடல் ஆய்வு என்ற துறையில் நல்ல பதில் இருக்கிறது. அது ஒரு நொடிக்கும் குறைவான ஓர் இடைவெளியில் தொடங்குகிறது.

ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்குவதற்குள் எவ்வளவு நேரம் போகிறது? 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வில், ஆம்-இல்லை கேள்விகளுக்கான பதில் சராசரியாக 0.2 வினாடியில் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு சொல்லை மனதில் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவர மூளைக்கே சுமார் 0.6 வினாடி வேண்டும். அப்படியானால் எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். எல்லோரும் இவ்வளவு வேகமாகப் பதில் சொல்வதால்தான், சற்றே தாமதமான பதில்கூடச் செய்தியாகிவிடுகிறது. ஆங்கிலத் தொலைபேசி உரையாடல்களை அளந்தபோது, 0.7 வினாடியைத் தாண்டி வந்த பதில்களில் சம்மதத்தைவிட மறுப்பே அதிகம்.

மறுப்பவர்கள் பெரும்பாலும் ‘முடியாது’ என்ற சொல்லைத் தொடுவதே இல்லை. சின்ன மௌனம், ஒரு ‘ம்ம்…’, பிறகு ‘பாக்கலாம்’, அதன்பின் ஒரு காரணம். இதை வைத்தே 1999-இல் ஆய்வாளர்கள் சீலியா கிட்ஸிங்கரும் ஹன்னா ஃப்ரித்தும் ஒரு முக்கியமான வாதத்தை முன்வைத்தார்கள்: இவ்வளவு மென்மையான மறுப்பையும் நாம் அன்றாடம் சரியாகவே புரிந்துகொள்கிறோம், நெருக்கம் சார்ந்த விஷயத்தில் மட்டும் ‘அவள் வேண்டாமென்று சொல்லவில்லையே’ என்பது ஏற்கத்தக்கதல்ல. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் அந்த 0.7 வினாடி காணாமல் போகிறது. பதில் இருபது நிமிடம் தாமதமானால் அது தயக்கமா, பேருந்து நெரிசலா? நேரில் மௌனம் செய்யும் வேலையை இங்கே கேள்வியின் அமைப்புதான் செய்ய வேண்டும்.

“நாளைக்குப் பாத்ததும் ஒரு ஹக், ஓகேதானே?” என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ‘ஓகே’ என்பது ஒரே தட்டலில் முடியும். மறுப்பதற்கோ மன்னிப்பு, காரணம், ஒரு ஸ்மைலி எல்லாம் தேவைப்படும். முகத்தை முறிக்க விரும்பாதவர் ‘ஓகே’ போட்டுவிடுவார். கேட்டவருக்கு இந்தச் சுமை தெரிவதில்லை. காதல் விருப்பத்தை மறுப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கேட்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று சமூக உளவியலாளர் வனெஸ்ஸா போன்ஸின் ஆய்வும் காட்டியது.

அதனால் இரண்டு பதிலும் ஒரே அளவு எளிதாக இருக்கும்படி கேட்க வேண்டும். வாசகி இப்படி எழுதலாம்: “நாளைக்கு 5 மணிக்கு அந்த காபி கடையிலேயே பாக்கலாம். ஒரு மணி நேரம் இருப்பேன். முதல் தடவைங்கிறதால கட்டிப்பிடிக்கிறது எனக்கு வேண்டாம், ஒரு ஹாய் போதும். எதிரெதிரா உக்காந்து பேசுறதுதான் எனக்கு வசதி. உங்களுக்கு எப்படி வசதி?” இங்கே அவர் தன் எல்லையைத் தானே சொல்லிவிடுகிறார், எதிராளி எதையும் யூகிக்க வேண்டியதில்லை. இடம், நேரம் என்ற சாதாரண ஏற்பாடுகளோடு ஒட்டி வருவதால் தனியாக ஒரு ‘பெரிய பேச்சு’ ஆவதும் இல்லை.

நெருக்கத்தை விரும்புகிறவர் கேட்பதானால் விருப்பத்தை முதலில் வைக்காமல், தேர்வை வைப்பது நல்லது: “பாத்ததும் வணக்கமா, கை குலுக்கலா, உங்களுக்கு எது சௌகரியம்?” எதைச் சொன்னாலும் அது பதில்தான், மறுப்பு என்று எதுவும் தேவைப்படாது.

பதிலை எப்படிப் படிப்பது? “சரி, கை குலுக்கலாம்” என்று கேட்டதையே திருப்பிச் சொன்னால் தெளிவு. ‘ஹாஹா பாக்கலாம்’, வெறும் ஸ்மைலி, பேச்சை மாற்றுதல் இவையெல்லாம் ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்; திரும்பக் கேட்டால் அங்கேதான் அழுத்தம் தொடங்குகிறது. வாசகியின் செய்திக்கு “ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று வந்தால், சந்திப்பைத் தள்ளிப்போட அதுவே போதுமான காரணம்.

அந்த 10 மொழிகளில் தமிழ் இல்லை என்பது எனக்கு வருத்தம். உரையாடல்களைப் பதிவுசெய்து, இடைவெளிகளை அளந்து எழுதும் பொறுமையான வேலைக்கு நம் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்க வேண்டும்.

ஒரு வரம்பும் உண்டு. முந்தின நாள் சொன்ன ‘சரி’ அந்த நாளுக்கான எண்ணம் மட்டுமே. கை குலுக்க ஒப்புக்கொண்டவர் நேரில் பையை இரு கைகளாலும் பிடித்தபடி நின்றால், “வாங்க, உக்காரலாம்” என்று நாற்காலியைக் காட்டினால் போதும்.