அட்டவணை நாட்காட்டியா, வாய்பாட்டு நாட்காட்டியா?

ஹிஜ்ரி தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றுவது பற்றிய இன்னொரு கட்டுரையிலும் 'அட்டவணை நாட்காட்டி' கண்ணில் பட்டது. டேபுலர் காலண்டரைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம். எந்த நாட்காட்டி அட்டவணையாக இல்லை? சுவரில் தொங்குவதே கட்டம் போட்ட அட்டவணைதானே.

டேபுலா என்றால் லத்தீனில் பலகை. அப்புறம் அதில் எழுதிய பட்டியல். வேர்க்கதை அவ்வளவுதான். இங்கே அந்தச் சொல் குறிப்பது, பிறையைப் பார்க்காமல் மாறாத விதியால் நாளை எண்ணுவதை. ஒற்றைப்படை மாதத்துக்கு 30 நாள், இரட்டைப்படை மாதத்துக்கு 29. முப்பது ஆண்டுச் சுற்றில் 11 ஆண்டுகளுக்குத் துல்ஹஜ்ஜில் அதாவது கடைசி மாதத்தில், ஒரு நாள் கூடும்.

'அட்டவணை' என்றதும், யாரோ சரிபார்த்து அச்சிட்ட ஒரே பட்டியல் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. விடை ஒரு நாள் தள்ளிப்போனால் எதோ ஒன்று பிழை என்கிறார்கள். 'கணக்கீட்டு நாட்காட்டி' என்பார் சிலர். அதுவும் ஆகாது, சவூதியின் உம்முல் குரா நாட்காட்டியும் கணக்கீடுதான், ஆனால் அது வானில் உள்ள நிலவைக் கணக்கிடுகிறது. நம்மிடம் 'வாய்பாடு' இருக்கிறதே! தேமா, புளிமா வாய்பாடுதான், சீர் அல்ல. அதுபோல இதுவும் ஓர் அச்சு, பிறை அல்ல. 'வாய்பாட்டு நாட்காட்டி' என்போம். வாய்பாடு ஒன்றுக்கு மேலும் இருக்கலாம் என்பதையும் அந்தச் சொல் தாங்கும்.

இருக்கவும் செய்கிறது. 1445 ஷவ்வால் 1ஐ, அதாவது அந்த ஆண்டின் நோன்புப் பெருநாளை எடுத்துக்கொள்வோம். முடிந்த ஆண்டுகள் 1444. அதை 354ஆல் பெருக்கினால் 5,11,176 நாள். இதுவரை கூடிய மிகுநாள் 529. ஷவ்வாலுக்கு முந்தைய ஒன்பது மாதத்துக்கு 266. மொத்தம் 5,11,971 நாள் கழிந்திருக்கிறது. எங்கிருந்து, அதாவது ஹிஜ்ரி முதலாண்டின் முதல் நாள் எது என்பதில்தான் சிக்கல். பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கில் 622 ஜூலை 16, வெள்ளியிலிருந்து எண்ணினால் 2024 ஏப்ரல் 10 வருகிறது. வானியலார் வழக்கப்படி முந்தைய நாள் வியாழனிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 9. பிறை பார்த்து முடிவு செய்ததில் இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் பெருநாள் ஏப்ரல் 11. மூன்றில் எதுவும் கூட்டல் பிழை அல்ல.

மிகுநாள் ஆண்டிலும் பேதம் உண்டு. சுற்றின் 16ஆம் ஆண்டுக்குப் பதில் 15ஆம் ஆண்டில் நாளைக் கூட்டுவோர் இருக்கிறார்கள். அந்த வேறுபாடு 16ஆம் ஆண்டில் மட்டும் தெரியும். அடுத்து வருவது 1456.

பழைய ஆவணத்தில் கிழமையும் இருந்தால் கவலையில்லை. 'புதன்' என்றிருந்தால் ஏப்ரல் 10, 'செவ்வாய்' என்றால் 9. ஆனால் ஹிஜ்ரி நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. சூரியன் மறைந்தபின் நள்ளிரவுக்குள் நடந்ததென்றால் ஆங்கிலத் தேதி ஒன்று முந்தியது. இதை விட்டுவிட்டு 'துல்லியமான தேதி மாற்றி' என்று பெயர் வைக்கிறவர்களை என்ன சொல்ல? எந்த வாய்பாடு என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.