“சரி, நன்றி” என்ற பதிலுக்கு 6,700 டோக்கன்

மொழி மாடலை வைத்து வாடிக்கையாளர் சேவை நடத்தும் ஒரு நிறுவனம், மாதக் கட்டணம் மதிப்பீட்டைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வந்துவிட்டது என்று சென்ற வாரம் என்னை அழைத்தது. இந்த ஆண்டில் இதே காரணத்துக்காக வந்த நான்காவது அழைப்பு இது.

மாடல் உரையைச் சிறு துண்டுகளாக்கிப் படிக்கிறது; கட்டணத்துக்கு அலகான அந்தத் துண்டுதான் டோக்கன். அவர்களுடைய கணக்குத்தாளில், ஒரு கேள்விக்கு 100 டோக்கன், நிலையான அறிவுறுத்தலுக்கு 1,000 டோக்கன், ஓர் உரையாடலுக்கு 20 கேள்விகள், ஆக உள்ளீடு 22,000 டோக்கன் என்று எழுதியிருந்தார்கள். மாடலுக்கு நினைவு கிடையாது என்பதைத் தயவுசெய்து மனத்தில் இருத்துங்கள். முன்பு பேசியது அதற்குத் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் பழைய உரையாடல் முழுவதையும் நம்முடைய நிரலே மீண்டும் அனுப்புகிறது; அனுப்பும் ஒவ்வொரு முறையும் அதற்குக் கட்டணம் உண்டு. ஒரு கேள்வியும் பதிலும் சேர்ந்து 300 டோக்கன் என்றால், இருபதாவது முறை வாடிக்கையாளர் “சரி, நன்றி” என்று மட்டும் எழுதினாலும், முந்தைய 19 சுற்றுகளின் 5,700 டோக்கனும் அறிவுறுத்தலின் 1,000 டோக்கனும் கூடவே போகின்றன. மொத்த உள்ளீடு ஏறத்தாழ 79,000. பதிவேட்டில் உள்ளீட்டு அளவைக் காட்டும் `prompt_tokens` சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போவதைப் பார்த்திருந்தாலே முதல் நாளில் தெரிந்திருக்கும். கடைசி ஆறு சுற்றுகளை மட்டும் அனுப்பி, அதற்கு முந்தையதைச் சுருக்கமாக வைத்தால் பெரும்பாலான சேவைகளுக்குப் போதும்.

அந்த 100 டோக்கனும் ஆங்கிலக் கேள்விகளை வைத்துப் போட்ட கணக்கு. வாடிக்கையாளர்களோ தமிழில் எழுதினார்கள். ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் உரையை டோக்கன்களாகப் பிரிக்கும் புதிய டோக்கனைசரை அறிவித்தபோது காட்டிய எடுத்துக்காட்டில், ஒரே வாக்கியம் ஆங்கிலத்தில் 27 டோக்கனிலிருந்து 24 ஆகவும், தமிழில் 116இலிருந்து 35 ஆகவும் குறைந்தது. எந்த டோக்கனைசர் என்று பார்க்காமல் தமிழுக்குச் செலவுக் கணக்குப் போடாதீர்கள். சொற்களை எண்ணியும் போடாதீர்கள்.

திடீர் ஏற்றத்துக்கு எப்போதும் கூட்டம்தான் காரணம் என்று எண்ண வேண்டாம். மாடலுக்கான அழைப்பு தோற்றால், நீங்கள் பயன்படுத்தும் நிரல் நூலகம் மூன்று முறை முயல, அதன்மேல் உங்கள் நிரலும் மூன்று முறை முயன்றால், ஒரு கேள்வி ஒன்பது அழைப்புகளாகிவிடும். மறுமுயற்சியை ஒரே இடத்தில் வையுங்கள், பதிலின் நீளத்துக்கு `max_tokens` வரம்பையும் இடுங்கள். செலவு எச்சரிக்கை மின்னஞ்சல் செலவை நிறுத்தாது. நாளின் வரம்பைத் தொட்டதும் அழைப்பை மலிவான மாடலுக்குத் திருப்பும் நிபந்தனை நிரலிலேயே இருக்க வேண்டும்.

அந்த மாற்று மாடலைத் தமிழில் சோதிக்காமல் வைப்பவர்களிடம் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. விலை பத்தில் ஒரு பங்காக இருக்கலாம். ஆனால் பதில் புரியாமல் வாடிக்கையாளர் மீண்டும் மீண்டும் கேட்டால் சுற்றுகள் கூடும், அனுப்பும் வரலாறும் நீளும். ஆகவே ஓர் அழைப்பின் விலையை விட்டுவிட்டு, தீர்ந்துபோன ஒரு புகாருக்கு எவ்வளவு ஆயிற்று என்று இரண்டு மாடல்களுக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள பழைய தமிழ் உரையாடல்களில் ஐம்பதை எடுத்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.