'சுருக்கப்பட்ட கோப்புறை' என்று எதைச் சொல்கிறோம்?

"கோப்புறையைச் சுருக்கி மின்னஞ்சலில் இணைக்கவும்" என்ற வரியைத் தமிழில் கணினிக் குறிப்பு எழுதுகிறவர்கள் கை கூசாமல் எழுதுகிறார்கள். மூலத்தில் இருப்பது ஜிப் கோப்பு. தமிழில் வந்து சேர்வது 'சுருக்கப்பட்ட கோப்புறை'. இதைப் படித்து அப்படியே செய்கிறவருக்கு என்ன நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் இந்தச் சொல்லை யாரும் தொடமாட்டார்கள்.

ஒருவரிடம் 40 எம்பி அளவுக்குக் கணக்குப் பதிவுகள் இருக்கின்றன, எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகள். மின்னஞ்சலில் 25 எம்பிக்கு மேல் போகாது. குறிப்பில் சொன்னபடி கோப்புறையைச் சுருக்க வேண்டும் என்று வலது கிளிக் செய்து Properties, அதில் Advanced போகிறார். அங்கே Compress contents to save disk space என்று ஒரு கட்டம் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, இல்லையா? டிக் செய்கிறார். சற்று நேரம் ஓடி முடிகிறது. Properties-இல் Size 40 எம்பி, Size on disk 19 எம்பி என்று காட்டுகிறது. சரி, வேலை முடிந்தது என்று கோப்புகளை மின்னஞ்சலில் இணைத்தால், 40 எம்பி, அனுப்ப முடியாது என்கிறது. அவர் தவறாக எதுவும் செய்யவில்லை. குறிப்பு எழுதியவர் இரண்டு வேறு காரியங்களுக்கு ஒரே பெயர் வைத்ததுதான் தவறு.

குழப்பத்தின் வேர் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. விண்டோஸ் பல ஆண்டுகள் ஜிப் கோப்பை Compressed (zipped) folder என்றே மெனுவில் எழுதிவந்தது. அது கோப்புறையே இல்லை, ஒற்றைக் கோப்பு. எக்ஸ்புளோரர் அதைத் திறந்து கோப்புறை மாதிரி காட்டுகிறது, அவ்வளவுதான். விண்டோஸ் 11-இல் அந்த வரியை Compress to ZIP file என்று மாற்றினார்கள். மூலம் திருந்திவிட்டது, மொழிபெயர்ப்பு இன்னும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கம்ப்ரெஸ் லத்தீனில் இருந்து வந்தது, 'சேர்த்து அழுத்து' என்பது பொருள். ஜிப் என்பதைப் பலர் துணியில் இருக்கும் ஜிப் என்றே நினைக்கிறார்கள், படக்குறியிலும் அதைத்தான் வரைந்திருக்கிறார்கள். ஆனால் 1989-இல் பில் கட்ஸ் தன் பிகேஜிப் நிரலோடு இந்த வடிவத்தை வெளியிட்டபோது அந்தப் பெயர் வேகத்தைக் குறித்தது. போட்டி நிரல்களைவிட விரைவாக முடிக்கும் என்பதற்கான பெயர் அது. ஆகவே 'பல்லிணைக் கோப்பு' போன்ற ஆக்கங்கள் படத்தைப் பார்த்துச் செய்த மொழிபெயர்ப்புகள். ஜிப் என்பதை ஜிப் என்றே விட்டுவிடலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். டிக் கட்டத்தில் நடப்பது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்புக்குள் நடக்கிற வேலை. கோப்பை 64 கேபி துண்டுகளாக எடுத்து ஒவ்வொன்றையும் தனியாக இறுக்கிப் பார்க்கிறது. வட்டில் இடம் 4 கேபி கட்டங்களாகவே கிடைக்கும் என்பதால் ஒரு துண்டுக்கு 16 கட்டங்கள். கணக்குப் பதிவின் ஒரு துண்டு இறுகி 29 கேபி ஆனால் 8 கட்டம் போதும், அதாவது 32 கேபி. பாதி இடம் மிச்சம். அதே ஒரு புகைப்படத்தின் துண்டு இறுகி 62 கேபி ஆனால்? 16 கட்டமும் வேண்டும், மிச்சம் எதுவும் இல்லை, எனவே அந்தத் துண்டை இறுக்காமலே வைத்துவிடும். ஜேபெக், எம்பி4, ஏன் வேர்டின் `.docx` கோப்பும் இப்படித்தான், அவை ஏற்கெனவே இறுகி இருப்பவை. `.docx` என்பதே உள்ளுக்குள் ஒரு ஜிப். அவற்றின் கோப்புறையில் டிக் போட்டால் Size, Size on disk இரண்டும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். பலன் இருக்கிறதா என்று அறிய இதைவிட நேரான சோதனை இல்லை.

இந்த முறையின் முக்கியமான குணம், இறுகியிருப்பது வெளியே தெரியாது என்பதுதான். எந்த நிரல் கோப்பைக் கேட்டாலும் விண்டோஸ் விரித்துத்தான் கொடுக்கும். மின்னஞ்சல் நிரலும் அப்படிக் கேட்கிற ஒரு நிரல்தான், அதனால்தான் 40 எம்பி வந்தது. எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும் பென் டிரைவுக்கு நகலெடுத்தாலும் முழு அளவுதான் போய்ச் சேரும். இறுக்கம் அந்த வட்டோடு நின்றுவிடுகிறது, கோப்போடு பயணம் செய்வதில்லை.

ஜிப் இதற்கு நேர் எதிர். பல கோப்புகளை எடுத்து, ஒவ்வொன்றையும் இறுக்கி, வரிசையாக அடுக்கி, கடைசியில் ஒரு பட்டியலையும் வைத்து, ஒரே கோப்பாகக் கட்டிக்கொடுக்கிறது. எங்கே போனாலும் அதே அளவு. இறுக்கமும் கூடுதல்: என்டிஎஃப்எஸ் முறை ஒரே எழுத்துத்தொடர் முன்பு வந்ததா என்று 4 கேபிக்குள் மட்டுமே திரும்பிப் பார்க்கும், ஜிப்பில் வழக்கமாகப் பயன்படும் டிஃப்லேட் 32 கேபி வரை பார்க்கும், போதாததற்கு அடிக்கடி வரும் குறிகளுக்குக் குறுகிய குறியீடும் கொடுக்கும். நம் கணக்குப் பதிவுகள் ஜிப்பில் 19 எம்பியைவிட நன்றாகவே குறையும், மின்னஞ்சலிலும் போய்விடும்.

ஆனால் ஜிப்புக்கு ஒரு விலை உண்டு. உள்ளே இருக்கும் ஆவணத்தை இரண்டு தடவை தட்டித் திறந்தால் விண்டோஸ் அதை ஒரு தற்காலிக இடத்தில் விரித்து அந்த நகலைத்தான் காட்டுகிறது. அதில் திருத்தம் செய்தால் அது ஜிப்புக்குள் தானாகத் திரும்பிப் போகாது. தினமும் திறந்து எழுதுகிற கோப்பை ஜிப்பில் வைத்திருப்பவர்கள் இப்படித்தான் மாலைக்குள் அன்றைய வேலையைத் தொலைக்கிறார்கள். இன்னொன்று, பட்டியல் கோப்பின் கடைசியில் இருப்பதால் பாதியில் நின்றுபோன பதிவிறக்கம் திறக்கவே திறக்காது, செல்லாத கோப்பு என்று மட்டும் சொல்லும்.

இந்த வித்தியாசம் எல்லாவற்றையும் 'சுருக்கம்' என்ற ஒரு சொல் விழுங்கிவிடுகிறது என்பதுதான் என் ஆத்திரம்.

சுருக்கத்துக்கு வாதாடுகிறவர்கள் சுருக்குப் பையைக் காட்டுவார்கள், துணி சுருங்குவதைக் காட்டுவார்கள், உள்ளே இருப்பது குறையாமல் வடிவம் மட்டும் சிறுக்கிறது அல்லவா என்பார்கள். வினையாக 'சுருங்கு' அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர்ச்சொல்லாக வரும்போது சுருக்கம் என்றால் தமிழ் வாசகருக்கு முதலில் தோன்றுவது கதைச்சுருக்கம், செய்திச்சுருக்கம். அதில் ஏதோ விடுபட்டிருக்கும். 'உங்கள் கோப்புகளைச் சுருக்கவா?' என்று கேட்டால், எதையாவது வெட்டிவிடுமோ என்று ஒருவர் தயங்குவது அவருடைய அறியாமை இல்லை, தமிழ் அப்படித்தான் பேசுகிறது. ஜிப்பிலும் என்டிஎஃப்எஸ்ஸிலும் ஒரு பைட் கூட இழப்பில்லை, விரித்தால் அதே கோப்பு. உண்மையில் 'சுருக்கம்' பொருந்துகிற இடம் ஒன்று உண்டு: புகைப்படத்தை ஜேபெக்காகச் சேமிக்கும்போது நுணுக்கங்கள் சில நிரந்தரமாகப் போய்விடுகின்றன, அது சுருக்கம்தான். அந்தச் சொல்லை அங்கே வைத்துக்கொள்வோம்.

'அமுக்கம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். பொருள் சரி, ஆனால் இலங்கைப் பாடநூல்களில் அது ஏற்கெனவே அழுத்தத்தைக் குறிக்கிற பௌதிகச் சொல். காற்றமுக்கம் படித்து வளர்ந்தவருக்கு 'கோப்பு அமுக்கம்' விளங்காது.

நான் எழுதுவது 'இறுக்கு'. இறுக்கிய கோப்புறை, இறுக்கி வை, விரித்துக் கொடு. இறுக்கம் என்றால் முகம் இறுகிப்போவதும் நினைவுக்கு வரும் என்று ஒருவர் மறுத்தார். நியாயம்தான், அதனால்தான் பெயர்ச்சொல்லைவிட வினையை அதிகம் பயன்படுத்துகிறேன். ஜிப்புக்கு 'ஜிப் பொதி'. கட்டி எடுத்துப்போகிற பண்டம் பொதி. அதுவே ஜிப்பின் வேலை. சிலர் 'காப்பகம்' என்கிறார்கள், ஆர்க்கைவ் என்பதன் அகராதிப் பொருளைப் பார்த்து. காப்பகம் ஓர் இடம், அதை யாரும் மின்னஞ்சலில் அனுப்ப மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன் அந்த நிரலை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் இப்படி எழுதத் தோன்றாது. நம் கணினித் தமிழின் பாதிச் சிக்கல் இந்த ஓட்டிப் பார்க்காத பழக்கத்தால் வருவது. சொல் வளம் நமக்குக் குறைவில்லை.

அப்புறம், சொல் பிரிந்தால் அறிவுரையும் தானாகப் பிரிந்துவிடுகிறது. அனுப்பவோ எடுத்துவைக்கவோ என்றால் பொதியாகக் கட்டு. அடிக்கடி திறந்து பார்க்கிற, ஆனால் அதிகம் மாறாத எழுத்துக் கோப்புகள், பழைய பதிவேடுகள் என்றால் கோப்புறையை இறுக்கு. ஓயாமல் எழுதப்படும் தரவுத்தளக் கோப்புகளை இறுக்காதே. ஒவ்வொரு திருத்தத்துக்கும் துண்டை விரித்து மறுபடி இறுக்க வேண்டும், கோப்பும் வட்டில் சிதறிப்போகும், வேகம் விழும். விண்டோஸின் சொந்த மறையாக்கம் செய்த கோப்பை இறுக்கவே முடியாது, இரண்டில் ஒன்றுதான்.

கட்டளை வரியில் செய்கிறவர்களுக்கு முதல் வரி இறுக்கும், இரண்டாவது விரிக்கும்:

```
compact /c /s:D:\Kanakku
compact /u /s:D:\Kanakku
```

முதல் கட்டளை முடிந்ததும் எத்தனைக்கு எத்தனை இறுகியது என்ற விகிதத்தையும் காட்டும். 1.0 to 1 என்று வந்தால் உள்ளே இருப்பவை படங்களோ காணொளிகளோ, இரண்டாவது வரியை ஓட்டிவிடுங்கள். விண்டோஸ் 10 முதல் இறுக்கிய கோப்பின் படக்குறி மேல் எதிரெதிராக இரண்டு நீல அம்புகள் தெரியும். ஜிப் பொதியில் அந்த அம்பு இருக்காது, பெயரின் கடைசியில் `.zip` இருக்கும்.